ஏக்கரும் மூடையும்: கம்பஸ் பெறுபேற்றை வாசிக்கும் கணக்கு

முரசுமோட்டையில் இருக்கிற என் சின்னையா போன மாதம் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தார். கையில் போன். மகளின் முதல் வருடத்து இரண்டு செமஸ்டர் பெறுபேறும் அதில் வந்திருந்தன. முகத்தில் பெருமையா குழப்பமா என்று தெரியவில்லை.

"தம்பி, இவள் ஒரு பாடத்தில டீ எடுத்திருக்கிறாள். டிஸ்டிங்ஷன் எல்லோ? பிறகேன் போனில அழுகிறாள்?"

சின்னையா சாதாரணதரம் எழுதிய காலத்தில் D என்றால் டிஸ்டிங்ஷன்தான். எட்டுப் பாடத்துக்கும் D எடுத்த பிள்ளையை ஊரே கொண்டாடும். C என்றால் கிரெடிட், திறமைச் சித்தி. S என்றால் சும்மா சித்தி. அவர் மனதில் அந்த ஏணி அப்படியே நிற்கிறது. பல்கலைக்கழகத்தின் ஏணியில் D அடிப்படியில் இருக்கிறது, அதற்குக் கீழே E மட்டும்தான். இன்னொரு வில்லங்கமும் உண்டு. அவருக்குத் தெரிந்த "கிரெடிட்" ஒரு சித்தியின் பெயர். கம்பஸ் தாளில் "கிரெடிட்" என்பது பாடத்தின் பருமன். பிள்ளை எவ்வளவு நன்றாக எழுதினாள் என்பதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒரே எழுத்தும் ஒரே சொல்லும் வேறு வேலை செய்வதால், ஐம்பது வயது கடந்த பெற்றோர் பலர் இந்தத் தாளைத் தலைகீழாகவே வாசிக்கிறார்கள்.

சின்னையாவுக்கு இரணைமடுக் குளத்தின் கீழே நாலு ஏக்கர் வயல். எனவே தாளில் ஜிபிஏ என்று இருந்த சராசரியை விளக்க நெல்லை வைத்தே தொடங்கினேன்.

வாய்க்காலோடு இருக்கிற மூன்று ஏக்கரில் ஏக்கருக்கு 30 மூடை விளைந்தது என்று வையுங்கள். தண்ணீர் ஏறாத மேட்டுப்பக்கம் ஒரு ஏக்கர், அதில் 14 மூடைதான். சராசரி விளைச்சல் என்ன? 30-ஐயும் 14-ஐயும் கூட்டி இரண்டால் பிரித்து 22 என்று எந்தக் கமக்காரனும் சொல்லமாட்டான். மூன்று ஏக்கரில் 90 மூடை, ஒரு ஏக்கரில் 14, மொத்தம் 104. அதை நாலு ஏக்கருக்குப் பிரித்தால் 26. சின்னையா நான் முடிக்க முதலே 26 என்று சொல்லிவிட்டார்.

ஜிபிஏ கணக்கும் இதேதான். பாடத்தின் கிரெடிட் அந்தத் துண்டின் ஏக்கர். பிள்ளை எடுத்த எழுத்துக்குரிய தரப்புள்ளி ஏக்கருக்கு விளைந்த மூடை. இரண்டையும் பெருக்கினால் அந்தப் பாடத்திலிருந்து வீட்டுக்கு வந்த மூடை. எல்லாப் பாடத்து மூடையையும் கூட்டி, எல்லாப் பாடத்து ஏக்கரால் பிரித்தால் வருவதுதான் ஜிபிஏ. தமிழில் தரப்புள்ளிச் சராசரி என்கிறார்கள்.

ஏக்கரை அளக்கச் சங்கிலி உண்டு. கிரெடிட்டை அளக்க மணித்தியாலம். விரிவுரையாக நடக்கும் பாடத்தில் 15 மணித்தியால விரிவுரை ஒரு கிரெடிட். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 45 மணித்தியாலம், அதாவது 15 கிழமைக்குக் கிழமை மூன்று மணித்தியாலம். ஆய்வுகூடத்திலோ கணினிக்கு முன்னாலோ செய்யும் செய்முறை என்றால் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணித்தியாலமோ அதற்கு மேலோ போகும். அதனால் செய்முறைப் பாடம் நேரத்தைத் தின்னும், ஆனால் தாளில் சின்னதாகத்தான் தெரியும்.

சின்னையா இங்கே ஒரு கேள்வி கேட்டார். "கிழமைக்கு மூண்டு மணித்தியாலம் தானே ஒரு பாடம். மிச்ச நேரம் என்ன செய்யினம்?" நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் காலை முதல் மதியம் வரை மணி அடித்துப் படித்த பிள்ளைகள்தானே. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, சோதனைக்குப் படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150 மணித்தியாலம். வகுப்பில் 45 போக மீதி 105 மணித்தியாலமும் பிள்ளை தானாக இருந்து படிக்க வேண்டியது. உழவும் விதைப்பும் ஒரு சில நாளில் முடிந்துவிடும், தண்ணீர் கட்டுவதும் களை பிடுங்குவதும்தானே மாதக்கணக்கில் நடக்கும்.

இனி மூடைக் கணக்கு. எழுத்துகளுக்கான தரப்புள்ளி இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக இப்படி இருக்கும்:

```
A+  4.0    B+  3.3    C+  2.3    D+  1.3
A   4.0    B   3.0    C   2.0    D   1.0
A-  3.7    B-  2.7    C-  1.7    E   0
```

A+ க்கும் A க்கும் ஒரே 4.0 என்பதைப் பாருங்கள். A+ எடுத்தால் தாளில் வடிவாக இருக்கும், ஜிபிஏ ஒரு துளியும் கூடாது. எந்தப் புள்ளிக்கு எந்த எழுத்து என்பது பீடத்துக்குப் பீடம் மாறும். அதிகாரபூர்வமான பெறுபேற்றுத் தாளில் பெரும்பாலும் பின்பக்கத்திலோ அடியிலோ இந்த விளக்கம் அச்சிட்டிருப்பார்கள். பலர் முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பின்பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு சின்ன விசயம். பல பீடங்களில் பாடக் குறியீட்டின் எண்களே கதை சொல்லும். உதாரணமாக ஒரு குறியீடு `1113` என்று முடிந்தால், முதல் 1 முதலாம் ஆண்டு, அடுத்த 1 முதலாம் செமஸ்டர், கடைசி 3 அந்தப் பாடத்தின் கிரெடிட். தாளில் கிரெடிட்டுக்கென்று தனி நிரல் இல்லாவிட்டால் அங்கே பாருங்கள்.

சரி, தங்கச்சியின் பெறுபேற்றுக்கு வருவோம். பிள்ளையின் பெறுபேறு ஊருக்கெல்லாம் தெரியத் தேவையில்லை என்பதால் பாடங்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். கணக்கை மாற்றவில்லை.

```
கணக்கியல்            3 × 3.3 (B+) =  9.9
முகாமைத்துவம்        3 × 3.0 (B)  =  9.0
பொருளியல்           3 × 2.3 (C+) =  6.9
புள்ளிவிபரவியல்       3 × 1.3 (D+) =  3.9
கணினிச் செய்முறை      1 × 4.0 (A+) =  4.0
மொத்தம்             13             33.7
33.7 ÷ 13 = 2.59
```

சின்னையா முதலில் வேறு மாதிரிக் கூட்டியிருந்தார். 3.3, 3.0, 2.3, 1.3, 4.0 எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் பிரித்து 2.78 என்று ஒரு பழைய உரப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். பிறகு தாளில் 2.59 என்று கண்டு, கம்பஸ்காரர் கணக்கில் பிழை விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தார். அவர் கணக்கில் A+ எடுத்த செய்முறைக்கும் D+ எடுத்த புள்ளிவிபரவியலுக்கும் ஒரே பாரம். உண்மையில் முதலாவது ஒரு ஏக்கர், மற்றது மூன்று ஏக்கர். மேட்டுத்துண்டில் நல்ல விளைச்சல், வாய்க்கால் வயலில் விழுந்துபோயிற்று. பிறகு சராசரி எப்படி உயரும்?

அவருடைய இரண்டாவது பிழையும் பலர் விடுவதுதான். 2.59-ஐ 4-ஆல் பிரித்து, "அறுபத்தைஞ்சு வீதம், பரவாயில்லை" என்றார். தரப்புள்ளி வீதம் அல்ல. B எடுத்தவருக்கு 3.0 என்பதால் அவர் நூற்றுக்கு எழுபத்தைந்து எடுத்தார் என்று அர்த்தம் இல்லை. புள்ளி முதலில் எழுத்தாக மாறுகிறது, எழுத்து பிறகு தரப்புள்ளியாக மாறுகிறது. அரிசியை மாவாக்கிய பிறகு எத்தனை மணி என்று எண்ண முடியாதல்லவா, அப்படித்தான். உயர்தரத்தில் வருகிற இசட் புள்ளியோடும் இதை ஒப்பிட வேண்டாம். அது நாட்டில் அந்தப் பாடம் எழுதிய எல்லோரோடும் ஒப்பிட்டு வருவது. ஜிபிஏ பிள்ளையின் சொந்த வயல் கணக்கு.

நம்பிக்கையான கணக்கு இரண்டாம் செமஸ்டரில் வந்தது. தங்கச்சி 17 கிரெடிட் எடுத்தாள். மொத்தம் 56.7 மூடை. பிரித்தால் 3.34. அப்போது சின்னையாவே பேனையை எடுத்தார். 2.59, 3.34, கூட்டி இரண்டால் பிரிக்க 2.97. வருடத்துக்கு இவ்வளவுதானே என்றார்.

இங்கேதான் காலபோகமும் சிறுபோகமும் தேவைப்பட்டன. காலபோகத்தில் நாலு ஏக்கரும் விதைத்து ஏக்கருக்கு 26 மூடை எடுத்தார். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் போதாது, கூட்டத்தில் பங்கு பிரித்தபோது அவருக்கு ஒரு ஏக்கர்தான் வந்தது, அதில் 20 மூடை. வருடச் சராசரி 23 என்றால் அவர் சிரிப்பார். 104 மூடையும் 20 மூடையும் சேர்த்து 124, ஐந்து ஏக்கருக்குப் பிரித்தால் 24.8. போகங்களின் சராசரிகளை எடுத்து மறுபடி சராசரி பார்க்கக் கூடாது. மூடையை மூடையோடும் ஏக்கரை ஏக்கரோடும் சேர்த்துவிட்டுப் பிறகுதான் பிரிக்க வேண்டும்.

```
33.7 + 56.7 = 90.4
13 + 17 = 30
90.4 ÷ 30 = 3.01
```

தொடக்கத்திலிருந்து இன்றுவரை எல்லா செமஸ்டரையும் இப்படிச் சேர்த்து வருவதுதான் மொத்தச் சராசரி. தாளில் `CGPA` என்று இருக்கும், சில இடங்களில் `OGPA`. 2.97-க்கும் 3.01-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். பொதுவாக இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு 3.00-இல் தொடங்குகிறது. மேற்பிரிவு 3.30, முதலாம் வகுப்பு 3.70. சின்னையா தன் கணக்கில் பிள்ளையை வகுப்புக் கோட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். கம்பஸ் கணக்கில் அவள் உள்ளே நிற்கிறாள்.

உங்கள் பிள்ளையின் தாளை வைத்து நீங்களே கூட்டிப் பார்க்கும்போது தொகை ஒத்துவராவிட்டால் முதலில் ஆங்கிலப் பாடத்தைப் பாருங்கள். பல பீடங்களில் ஆங்கிலம் கட்டாயம், சித்தியடைந்தே ஆக வேண்டும், ஆனால் ஜிபிஏயில் சேர்ப்பதில்லை. தாளில் எழுத்தோடு நிற்கும், கணக்குக்குள் வராது. தங்கச்சியின் தாளிலும் அப்படி ஒன்று இருந்தது. நான் மேலே காட்டிய 13 கிரெடிட்டில் அது இல்லை. சின்னையா அதையும் சேர்த்துக் கூட்டி ஒருமுறை குழம்பினார்.

இனி அழுகைக்குக் காரணமான D+. அது E இல்லை, ஆனால் முழுச் சித்தியும் இல்லை. பொதுவாக C தான் சித்திக் கோடு. அதற்குக் கீழே C-, D+, D எடுத்தவர்கள் அந்தப் பாடத்தை மறுபடி எழுதலாம். எத்தனை பாடம்வரை அப்படியே விடலாம், பட்டம் முடிக்க என்ன வேண்டும் என்பதைப் பீடத்தின் மாணவர் கைநூல் சொல்லும். அதில் பார்க்க வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. மறுபடி எழுதும் சோதனையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும், பெரும்பாலான பீடங்களில் C க்கு மேல் போட மாட்டார்கள். A எடுக்கிற மாதிரி எழுதினாலும் தாளில் C தான் விழும். சின்னையா இதைக் கேட்டு, "உது அநியாயம் தம்பி" என்றார். முதல்முறை எழுதிய பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அது அவ்வளவு அநியாயமாக எனக்குப் படவில்லை. ஆனால் மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் சொன்னேன்.

C வந்தால் என்ன ஆகும்? அந்த மூன்று ஏக்கரில் 3.9 இருந்த இடத்தில் 6.0 வரும். 2.1 கூடும். 90.4 என்பது 92.5 ஆகும், 30-ஆல் பிரித்தால் 3.08. முதல் வருடத்தில் ஒரு பாடத்தைத் திருப்பி எழுதிக் கிடைப்பது 0.07. சின்னத் தொகைதான். மறுபடி எழுதுவதற்குப் பெரிய காரணம் அதுவல்ல, C க்குக் கீழே ஒரு பாடம் நின்றால் சில பீடங்களில் வகுப்பே கிடைக்காது என்பதுதான். எழுதுகிற செமஸ்டரில் அந்தப் பாடத்துக்குச் செலவாகும் நேரம் மற்றப் பாடங்களிலிருந்துதான் போகும், அதையும் பிள்ளையோடு பேசிப் பாருங்கள்.

E வேறு கதை. E எடுத்தால் தரப்புள்ளி பூச்சியம், ஆனால் கிரெடிட் பிரிக்கும் எண்ணில் இருக்கும். விளையாத வயலும் ஏக்கர்தான். புள்ளிவிபரவியலில் D+ க்குப் பதில் E வந்திருந்தால் 33.7 இல் 3.9 குறைந்து 29.8 ஆகும், 13-ஆல் பிரிக்க 2.29. சோதனைக்கே போகாமல் விட்டாலும் பெரும்பாலும் இதே நிலைதான். நோய் காரணமாகப் போகவில்லை என்றால் மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் பீடத்துக்குக் கொடுக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால் அடுத்தமுறை எழுதுவது முதல்முறையாகவே கணக்காகும், C என்ற எல்லை விழாது. இந்தச் சான்றிதழைக் கொடுக்கத் தாமதித்து, நல்ல பிள்ளைகள் வெறும் C யோடு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் நேரே உதவக்கூடிய இடம் இது. டெங்குக் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்த பிள்ளைக்குச் சான்றிதழ் எங்கே எடுப்பது, எந்த நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை அவள் படுக்கையில் கிடந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாகச் சின்னையா கேட்டது, "இனி மேல்பிரிவு எடுக்க ஏலுமோ?"

அவளுடையது நாலு வருடச் சிறப்புப் பட்டம், மொத்தம் 120 கிரெடிட். மேற்பிரிவு 3.30 என்றால் 120 ஏக்கருக்கு 396 மூடை வேண்டும். கையில் 90.4. மீதி 305.6 மூடையை மீதி 90 ஏக்கரில் எடுக்க வேண்டும். ஏக்கருக்கு 3.40. அதாவது இரண்டாம் செமஸ்டரில் அவள் எடுத்த 3.34-ஐ விடக் கொஞ்சம் கூட. பெரும்பாலும் B+, இடைக்கிடை A- என்று ஆறு செமஸ்டருக்கும் நிற்க வேண்டும். முதலாம் வகுப்பு என்றால் 444 மூடை, மீதி 90 ஏக்கரில் ஏக்கருக்கு 3.93. கிட்டத்தட்ட எல்லாமே A. கணக்கில் கதவு பூட்டப்படவில்லை, ஆனால் நான் அதைச் சின்னையாவுக்கு ஆசைகாட்டவில்லை.

முதல் வருடம் விழுந்தால் பிறகு தூக்குவது ஏன் கஷ்டம் என்பதும் இதில் தெரியும். இப்போது 30 ஏக்கர்தான் இருக்கிறது, ஒரு நல்ல செமஸ்டர் அவளை 2.59-இலிருந்து 3.01-க்குத் தூக்கியது. நாலாம் வருடத்தில் 105 ஏக்கர் சேர்ந்த பிறகு, அதே 3.34 செமஸ்டர் ஒன்று வந்தாலும் மொத்தச் சராசரி இரண்டாம் தசம இடத்தில்தான் அசையும். சில பீடங்கள் வகுப்புக்கு முதல் வருடத்தைக் கணக்கெடுப்பதில்லை, சில பிந்திய வருடங்களுக்குக் கூடப் பாரம் போடுகின்றன. அப்படியான பீடம் என்றால் மேலே சொன்ன 3.40 மாறும். அதையும் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னையா உரப் பற்றுச்சீட்டில் 305.6 ÷ 90 என்று எழுதி, இரண்டுதரம் பிரித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அப்புறம் மகளுக்குப் போன் எடுத்தார். அழுகையைப் பற்றியோ D+ பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"பிள்ளை, வாற செமஸ்டர் எந்தப் பாடம் எத்தினை கிரெடிட் எண்டு ஒருக்கா எழுதி அனுப்பு."